இட்லிப் பெட்டி எத்தனை குழி? அடுப்பு எவ்வளவு பெரிது?

(சிறுதொழில் கடன் பெறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



 டிபன் கடை வைக்க நம்மிடம் வட்டியில்லாக் கடன் கேட்டு இம்முறை வந்திருக்கும் மனுக்களில், பெரும்பாலானவற்றில் ஒரே பட்டியல்தான் இருக்கிறது. 108 இட்லிப் பெட்டி, மூன்று பர்னர் ஹைபிரஷர் அடுப்பு. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது போலத் தெரிகிறது. இதில் தவறு உங்களுடையது மட்டுமல்ல. இரண்டு வருடத்துக்கு முன் இதே பட்டியலுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடை எட்டு மாதம்தான் நடந்தது. வியாபாரம் இல்லாமல் மூடவில்லை. இட்லி விற்றுக்கொண்டுதான் இருந்தது. சிலிண்டர்க் காசு கட்டவே கல்லாப் பணம் போதவில்லை. அதனால்தான் இன்று பேசுகிறேன்.

பெரிய அடுப்பு என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வருகிறது? நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் அடுப்பைப் பார்த்து வருகிறது. அண்டா நிறைய அரிசியும் தண்ணீரும் கொதிக்க வேண்டும். அங்கே இரைச்சலோடு எரியும் ஹைபிரஷர் பர்னர்தான் சரி. இட்லியின் கதை வேறு. ஒரு இட்லி மாவு ஐம்பது, அறுபது கிராம். அது வேக மிகக் கொஞ்சம் சூடு போதும். உங்கள் கேஸில் பெரும்பகுதி இட்லியை வேகவைப்பதில் செலவாவதில்லை. அடியில் இருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலும், பிறகு ஆவியாக வெளியே போவதிலும்தான் செலவாகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

அடுப்பில் எரியும் கேஸில் பாதிச் சூடுதான் பாத்திரத்தைச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பத்து லிட்டர் தண்ணீர் கொதி நிலைக்கு வர ஏறக்குறைய 130 கிராம் கேஸ் வேண்டும். கொதித்த பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால் அதற்கு மட்டும் 100 கிராம் போகிறது. அந்த இடத்தில் நீங்கள் ஊற்றும் புதுத் தண்ணீரைச் சூடாக்குவதையும் சேர்த்தால் 110 கிராம். ஆகவே காலையில் பெட்டியில் எத்தனை முறை தண்ணீர் ஊற்றினீர்கள் என்பதுதான் உங்கள் கேஸ் கணக்கு. ஒரு லிட்டர் செம்பு வைத்து எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பெருங்களத்தூரில் நம் சகோதரி ஒருவர் தொடங்கவிருக்கும் கடை. ரயிலுக்குப் போகிறவர்கள்தான் வாடிக்கையாளர்கள். வீட்டு வாசலில் இருபது நாள் விற்றுப் பார்த்ததில், காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை 240 இட்லி போகிறது. “பாய், 108 வாங்கினா ரெண்டு மூணு ஈட்டுல வேலை முடிஞ்சிடுமே” என்றார். நான் கேட்டது ஒன்றுதான்: “எல்லாரும் ஒரே நேரத்துல வர்றாங்களாம்மா?” இல்லை. ஏழேகாலிலிருந்து எட்டேகால் வரைதான் கூட்டம். அந்த ஒரு மணி நேரத்தில் 120 இட்லி போகிறது.

பெட்டியை நாள் கணக்கைப் பார்த்து வாங்கக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு ஈடு வேகப் பன்னிரண்டு நிமிடம். எடுத்து, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, வழித்து, மறுபடி மாவு ஊற்றி உள்ளே வைக்க இன்னும் ஏழெட்டு நிமிடம். மணிக்கு மூன்று ஈடு நிதானமாக வரும். 120-ஐ மூன்றால் வகுத்தால் 40. கொஞ்சம் இடம் விட்டு 48 குழி போதும். அதற்கு மேல் வாங்கினால் பாதித் தட்டு காலியாக நிற்கும். தண்ணீரும் தீயும் மட்டும் முழுசாகப் போகும். இல்லையென்றால் 108-ஐயும் ஊற்றிவிட்டு ஹாட்பாக்ஸில் போட்டு வைப்பீர்கள். அரை மணியில் வியர்த்து, அடி இட்லி கொழகொழவென்று ஆகிவிடும். காலையில் ஓடுகிறவருக்கு ஆவி பறக்கிற இட்லி கொடுத்தால்தான் மறுநாளும் வருவார்.

நான் சொன்ன பழைய கடையின் பெட்டியை விற்பதற்கு முன் ஒருநாள் வைத்துப் பார்த்தோம். முதலில் ஊற்றியது 18 லிட்டர். மூன்று மணி நேரத்தில் மேலும் 9 லிட்டர் ஊற்றினோம். கொதிக்க வைக்க 230 கிராம், ஆவியில் ஒரு கிலோ. ஆக ஒன்றேகால் கிலோ. அதே 240 இட்லியை 48 குழிப் பெட்டியில் செய்தோம். 6 லிட்டர் ஊற்றினோம், கொதி வந்ததும் தீயைத் தணித்தோம். மேற்கொண்டு ஊற்றியது 3 லிட்டர். மொத்தம் நானூறு கிராம் சொச்சம். வித்தியாசம் தினம் முக்கால் கிலோவுக்கு மேல். கடைச் சிலிண்டர் விலை மாதாமாதம் மாறும். கிலோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் 26 நாளில் இரண்டாயிரம் ரூபாய். நம் கடனுக்கு நீங்கள் கட்ட வேண்டிய தவணையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இது தாளில் போட்ட கணக்குதானே என்று நினைத்தால் சிலிண்டரைத் தராசில் ஏற்றுங்கள். மற்ற பர்னரை அணைத்துவிட்டு, இட்லிக்கு முன் ஒரு எடை, பின் ஒரு எடை. காலி எடை சிலிண்டரிலேயே எழுதியிருக்கும். அதோடு 19 கிலோ சேர்த்தால் நிறைந்த எடை. டெலிவரி எடுக்கும்போதும் இதைப் பாருங்கள். வீட்டுக்குக் கொடுக்கும் 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் வைக்க வேண்டாம். அது சட்ட விரோதம், அதற்கு டிரஸ்ட் துணை போகாது.

அடுப்புக்கு வருகிறேன். இந்தச் சகோதரிக்கு மூன்று பர்னர் வேண்டாம். இரண்டு போதும்: ஒன்று இட்லிப் பெட்டிக்கு, மற்றொன்று சாம்பாருக்கும் தாளிப்புக்கும். தோசை பிறகு போடுவதாக இருந்தால், கல்லின் அளவைப் பார்த்துத் தனி அடுப்பு வாங்கிக்கொள்ளலாம். பர்னர் பாத்திரத்தின் அடிக்குள் அடங்க வேண்டும். தீ பக்கவாட்டில் நக்கிக்கொண்டு மேலே ஏறினால், அந்தக் காசு காற்றுக்குப் போகிறது, கைப்பிடியும் சுடும். முக்கியமாக, சிம்மில் வைத்தால் அணையாமல் நின்று எரிகிறதா என்று கடையிலேயே பற்றவைத்துப் பாருங்கள். சில ஹைபிரஷர் பர்னர்கள் தணித்ததும் அணைந்துவிடும். அதனாலேயே காலை முழுக்கப் பெரிய தீயில் விட்டுவிடுகிறார்கள். தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திர அடி கறுத்தால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மாவு பொங்கி வழிந்தால் பர்னர் துளையும் அடையும். வாரம் ஒருமுறை கழற்றித் தேயுங்கள்.

பெட்டி வாங்கும்போது குழி எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். ஒரு குழியில் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். குழி சின்னதாக இருந்தால் உங்கள் கரண்டி மாவு வழியும். 48 என்பது பேருக்குத்தான். கதவைச் சாத்திக் கொதிக்க விட்டு, ஓரங்களில் கையைக் கொஞ்சம் தள்ளிக் காட்டுங்கள். ஆவி சீறினால் ரப்பர் சரியில்லை. லிட்டருக்கு நூறு கிராம் அங்கேதான் போகிறது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒருநாள் வற்றிப்போய் அடி பழுத்துவிடும்.

வலிமா ஆர்டர், ஹாஸ்டல் ஆர்டர் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அன்றைக்கு மட்டும் பாத்திரக் கடையில் பெரிய கொப்பரை வாடகைக்கு எடுங்கள். ஆர்டர் வாரத்துக்கு மூன்று நாள் நிரந்தரமாக வந்தால் இரண்டாவதாக இன்னொரு 48 வாங்கலாம். சாதாரண நாளில் ஒன்றை மட்டும் பற்றவைக்கலாம் அல்லவா?

மனு கொடுத்தவர்கள் அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அலுவலகத்துக்கு வாருங்கள். 36 குழி, 48 குழி இரண்டு பெட்டிகளும் ஒரு தராசும் வைத்திருப்போம். உங்கள் வீட்டு மாவு இரண்டு கிலோ கொண்டுவாருங்கள். காலையில் எந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை இட்லி போகும் என்று ஒரு சீட்டில் எழுதி வாருங்கள். கடன் தொகையை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம், இன்ஷா அல்லாஹ்.