கைகளுக்குச் சென்று சேரும் தமிழ்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தேர்தல் விதியை நான் படித்தேன். செவிப்புலன் இழந்த உறுப்பினர் சிலர் முன்வரிசையில் இருந்தனர். என் அருகில் நின்ற தமிழறிந்த மொழிபெயர்ப்பாளர் என் பேச்சைச் சிங்கப்பூர்ச் சைகைமொழியில் பெயர்த்தார். நான் படித்த வாக்கியம் இது:

“இவ்வாண்டுச் சந்தாவை மார்ச் 31-க்குள் செலுத்தாத உறுப்பினர்களைத் தவிர மற்றவர்கள், தேர்தலில் வாக்களிக்கத் தகுதியற்றவர்களாகக் கருதப்பட மாட்டார்கள்.”

பிப்ரவரியிலேயே சந்தா கட்டிய முதியவர் ஒருவர், தமக்கு வாக்கில்லை என்று எண்ணி வீடு திரும்பிவிட்டார். மறுநாள் அவருடைய மகள் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பிழை மொழிபெயர்ப்பாளருடையதன்று, என்னுடையது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் முடிவும் அங்கேயே ஒளிந்திருக்கிறது. காதால் கேட்போர் முழு வாக்கியத்தையும் மனத்தில் தேக்கி வைத்து, இறுதிச் சொல்லைக் கொண்டு பொருள் கொள்கிறார்கள். மொழிபெயர்ப்பாளரோ சில நொடிகளே பின்தங்கிக் கைகளை இயக்கிக்கொண்டிருக்கிறார். ‘மற்றவர்கள் வாக்களிக்கத் தகுதியற்றவர்கள்’ என்று அவர் காட்டி முடிக்கையில்தான் ‘மாட்டார்கள்’ வந்து விழுந்தது. அதற்குள் நான் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிட்டேன். ‘செலுத்தாத’, ‘தவிர’, ‘தகுதியற்ற’, ‘மாட்டார்கள்’ என ஒரே வாக்கியத்தில் நான்கு விலக்குகளை அடுக்கியிருந்தேன். காகிதத்தில் அது செம்மையாகத் தோன்றியது.

அதே செய்தியை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: “சந்தா செலுத்த இறுதி நாள் மார்ச் 31. அந்நாளுக்குள் செலுத்தியவர்கள் வாக்களிக்கலாம். செலுத்தாதவர்கள் வாக்களிக்க இயலாது.” காலம் முதலில் வருகிறது, யார் என்பது அடுத்து, முடிவு அதனை ஒட்டியே வருகிறது. ஒரு வாக்கியத்திற்கு ஒரு முடிவு. எழுதியதைச் சோதிக்க எளிய வழியுண்டு. நண்பரிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து, வினைமுற்றுக்கு முன் நிறுத்துங்கள். அது ஆம் என்று முடியுமா, இல்லை என்று முடியுமா எனக் கேளுங்கள். அவர் தயங்கினால், அல்லது தவறாக ஊகித்தால், அவ்வாக்கியத்தைப் பிரித்தெழுதுங்கள்.

அடுத்தது எழுவாய். தமிழில் எழுவாயைச் சொல்லாமலே பேசலாம். சைகைமொழியிலோ ஒருவரை இடப்புறத்திலும் மற்றொருவரை வலப்புறத்திலும் நிறுத்திக்கொண்டு, பின்னர் அவ்விடங்களைச் சுட்டியே அவர்களைப் பற்றிப் பேசுவது இயல்பு. “செயலாளர் தலைவரிடம் கூறினார், பின்னர் அவர் ஒப்புக்கொண்டார்” என்றால், எப்பக்கம் சுட்டுவது? ‘தலைவர் ஒப்புக்கொண்டார்’ என்று பெயரை மறுபடியும் சொல்வது எழுத்தில் கூறியது கூறலாகலாம்; இங்கே அதுவே தெளிவு.

ஆட்பெயர்களுக்கு வழக்கில் ஒரு சைகை இல்லாவிட்டால், அவற்றை ரோமன் எழுத்துகளாக ஒவ்வொன்றாக விரல்களால் காட்ட வேண்டியிருக்கும். ஒரே தமிழ்ப்பெயரை ஆங்கிலத்தில் பலவாறு எழுதுவோர் நம்மிடையே உண்டு. ஆகவே, பெயர்களை அவரவர் எழுதும் எழுத்துக்கூட்டலோடு பட்டியலிட்டு, உரையுடன் சில நாள் முன்னதாகவே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். மேடையில் பெயரைச் சொன்னபின் சற்றே நிற்க வேண்டும்.

இன்னொன்று கண்ணைப் பற்றியது. நாம் திரையைப் பார்த்துக்கொண்டே பேச்சைக் கேட்கிறோம். அவர்களுக்குக் கேட்பதும் கண்ணால்தான். வரவு செலவுக் கணக்கைத் திரையில் காட்டியவாறே நான் விளக்கினால், அவர்கள் கணக்கை விடவேண்டும். அல்லது விளக்கத்தை விடவேண்டும். கணக்கைக் காட்டிவிட்டு மௌனமாக இருங்கள். அவர்களுடைய பார்வை மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பியபின் பேசுங்கள். திரைக்காக அரங்க விளக்குகளை அணைக்கும்போதும் மொழிபெயர்ப்பாளர்மீது வெளிச்சம் இருக்கட்டும். கையோடு முகமும் தெரியவேண்டும்; புருவத்தின் அசைவும் தலையசைப்பும் அம்மொழியின் இலக்கணத்தில் அடங்கும்.

இவ்வளவு செய்தாலும் எல்லாம் சென்று சேராது. சிலேடை ஒலியில் பிறப்பது; கைகளுக்கு வருகையில் அதன் பொருள்களுள் ஒன்றே எஞ்சக்கூடும். எதுகையும் மோனையும் அப்படியே. அவற்றை நீக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நகைச்சுவைக்கும் நயத்துக்கும் அவை இருக்கட்டும். நாள், தொகை, உரிமை, கடமை ஆகியவற்றை மட்டும் அவற்றின் தோளில் ஏற்றாதீர்கள்.

அம்முதியவர் அடுத்த ஆண்டுக் கூட்டத்திற்கும் வந்தார். திருத்திய மூன்று வாக்கியங்களையும் படித்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார், வாக்குச்சீட்டு வாங்க எழுந்து சென்றார்.