காதணி விழாவில் நிழற்படமும் காணொளியும்



இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நான் படக்கலை வல்லுநன் அல்லன். எனினும், எங்கள் இல்லத்துக் காதணி விழாக்கள் மூன்றில் அடைந்த அனுபவத்தைக் கூற விழைகின்றேன்.

மூத்த மகளுக்குக் காது குத்தியபோது நிழற்படம் மட்டுமே எடுத்தேன். ஒரு படத்தில் என் அன்னையார் அழும் பேத்தியிடம் ஏதோ சொல்லித் தேற்றுகின்றார். என்ன சொன்னார் என்பது இன்று எவருக்கும் நினைவில்லை. அன்னையார் மறைந்துவிட்டார். அவர் குரல் எங்கள் வீட்டில் எங்குமே பதிவாகவில்லை.

அந்த ஏக்கத்தால், இளைய மகளின் விழாவை ஒன்றரை மணி நேரம் காணொளியாகவே எடுத்தேன். அதனை முழுதும் பார்த்தவர் இன்றுவரை ஒருவருமிலர்! சுவரில் மாட்ட அதிலிருந்து ஒரு படத்தைப் பிரித்தெடுத்தால், குழந்தையின் முகம் கலங்கியிருந்தது. காரணம் பின்னரே விளங்கிற்று. வீட்டினுள் காணொளியின் ஒவ்வொரு படமும் ஏறக்குறைய ஒரு வினாடியில் 50இல் ஒரு பங்கு நேரம் ஒளியை வாங்குகின்றது. தலையை உதறும் குழந்தைக்கு அது மிக நீண்ட நேரம். 250இல் ஒரு பங்காவது வேண்டும். அதற்குச் சன்னல் வெளிச்சம் வேண்டும்.

சென்ற தை மாதம், இதே அக்ரகாரத்தில், தங்கை மகனுக்கு விழா. தாய்மாமனாகிய என் மடியில் குழந்தை. கைப்பேசியை நான் எங்ஙனம் பிடிப்பது? அதனைக் குறுக்குவாட்டில் ஒரு தாங்கியில் பொருத்தி, குழந்தையின் கண்மட்டத்தில், ஐந்தடி தொலைவில் நிறுத்தினோம். பத்தர் ஊசியை எடுக்குமுன்பே காணொளி தொடங்கிற்று. இரண்டாம் காதும் குத்தி, அழுகை ஓயும் வரை எவரும் அதனைத் தொடவில்லை. மொத்தம் நான்கு நிமிடம். அருகில் வைத்தமையால் பாட்டியின் தேற்றுமொழி தெளிவாகக் கேட்கின்றது. தொலைவில் வைத்திருப்பின் நாதசுரம் அதனை விழுங்கியிருக்கும்.

குழல்விளக்கின் கீழ்க் காணொளியில் கரும்பட்டைகள் ஓடுவதைச் சிலர் கண்டிருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சியுடையது. ஆதலின் சில விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. கைப்பேசியில் வினாடிக்கு 25 படம் என மாற்றியதும் எங்களுக்குப் பட்டைகள் பெரிதும் மறைந்தன. முதல்நாளே அதே அறையில் சோதித்துப் பார்ப்பது நலம்.

நிழற்படங்களை என் மூத்த மகள் மற்றொரு கைப்பேசியால் எடுத்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியதும், புதுக் கடுக்கனும், உறவினர் வரிசையும் சன்னலருகே. குத்தும் நொடியில் மட்டும் அவளை விலகி நிற்கச் சொன்னோம். இல்லையேல் அவள் முதுகே காணொளியை மறைத்திருக்கும்.

அந்த வாரமே அமர்ந்து பதினைந்து படங்களை அச்சிட்டோம். நான்கு நிமிடக் காணொளியை வெட்டாமல் இரண்டு இடங்களில் சேமித்தோம். ஊரிலிருக்கும் உறவினர் அதனை இருமுறை போடச் சொல்லிக் கேட்டனர்.