நூறு கூட்டினால் நூறு ஏறாது: டையாப்லோ 2-இன் மேஜிக் ஃபைண்ட் கணக்கு

போன வாரம் நேயர் ஒருவர் கேட்டிருந்தார்: "டையாப்லோ 2-ல மேஜிக் ஃபைண்டை 300-லேர்ந்து 400-க்கு ஏத்திட்டேன். ஆனா முன்னாடி கிடைச்ச அளவுக்குக்கூட யூனிக் பொருள் இப்போ கிடைக்கல. என் அதிர்ஷ்டமா, கேம்ல பிழையா?"

ரெண்டும் இல்லைங்க. இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். ஒரு நல்ல ஆயுதத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பல ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஆடினேன். அந்தக் கணக்கைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

மேஜிக் ஃபைண்ட் என்ன செய்கிறது? விழும் பொருள்களின் எண்ணிக்கையைக் கூட்டாது. விழுந்த பொருள் யூனிக்காகவோ செட்டாகவோ இருக்கும் வாய்ப்பைத்தான் கூட்டும். ரூன்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதைச் சேர்க்க இடம் நிறைய இருக்கிறது. தலைக்கவசம், கையுறை, காலணி, மோதிரம், பையில் வைக்கும் சார்ம் வரைக்கும். மார்புக் கவசத்தில் நாலு பெர்ஃபெக்ட் டோபாஸ் பதித்தாலே 96 சதவீதம் வந்துவிடும். எல்லாம் நேராகக் கூடிக்கொண்டே போனால் என்ன ஆகும்? எல்லாரும் இந்த ஒன்றையே அடுக்குவார்கள். வேறு எந்தக் குணமும் விலை போகாது. அதனால் யூனிக் பொருளுக்கு கேம் இப்படிக் கணக்குப் போடுகிறது:

```
MF × 250 ÷ (MF + 250)
```

நம்மிடம் 100 இருந்தால் உண்மையில் வேலை செய்வது 71. 200 இருந்தால் 111. 300-க்கு 136. 400-க்கு 154. அதாவது முதல் நூறு 71 கொடுத்தது, ரெண்டாவது நூறு 40, மூணாவது 25, நாலாவது வெறும் 18. ஆயிரம் சேர்த்தாலும் 200-தான். 250-ஐத் தொடவே முடியாது.

செட் பொருளுக்கு அந்த 250 இருக்கும் இடத்தில் 500, ரேர் பொருளுக்கு 600. சாதாரண மேஜிக் பொருளுக்கு இந்தக் கழிவே கிடையாது. ஆகவே அதே நாலாவது நூறு, செட் தேடுபவருக்கு 35 தரும். எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து இந்தச் சரிவு மாறும். ஆனால் பொருளின் மேல் எழுதியிருப்பது கழிவுக்கு முந்தைய எண். நாம் ஏமாறுவது அங்கேதான்.

இப்போ நேயர் கதைக்கு வருவோம். கடைசி நூறுக்காக அவர் எடுத்தது 'கல்' என்கிற குத்துவாள். பேருக்கு ஏத்த மாதிரி அடியும் கல்லு மாதிரி இருக்கும்னு நினைக்காதீங்க. சண்டைக்கு அது சுத்தமா உதவாது. ஆனால் 100 மேஜிக் ஃபைண்ட் இருக்கிறது. அவர் திரும்பத் திரும்பக் கொல்வது மெஃபிஸ்டோவை. முன்பு ஒரு சுற்றுக்கு 4 நிமிடம். இப்போது 5 நிமிடம். மணிக்கு 15 சுற்று போனது, 12 ஆகிவிட்டது.

மேஜிக் ஃபைண்ட் இல்லாதவரின் வாய்ப்பை 1 என்று வைத்தால், 300-ல் அது 2.36. 400-ல் 2.54. மணிக்கணக்கில் பெருக்கிப் பாருங்கள். 15 × 2.36 என்றால் சுமார் 35. 12 × 2.54 என்றால் சுமார் 30. ஒரு மணி நேரத்தில் கையில் வருவது குறைந்துவிட்டது!

கழிவே இல்லாத கேமாக இருந்தால்? 15 × 4 = 60, 12 × 5 = 60. வேகத்தை இழந்தும் சரிக்குச் சரி வந்திருக்கும். அப்புறம் யார் நல்ல ஆயுதம் தேடுவார்கள்? கழிவு யாரையும் தடுக்கவில்லை, பாருங்க. அடுத்த நூறின் மதிப்பைக் குறைத்து, நாம் மறந்துபோன வேகத்தை உசத்தி வைக்கிறது, அவ்வளவுதான்.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். எத்தனை யூனிக் விழுந்தது என்று எண்ணாதீங்க. அது அபூர்வம், ஒரு வாரம் எண்ணினாலும் அதிர்ஷ்டம்தான் தெரியும். அதற்குப் பதிலாக நேரத்தைக் குறித்து வையுங்கள். 300-லிருந்து 400-க்குப் போனால் லாபம் 7 சதவீதம். 4 நிமிடச் சுற்றில் அது 17 வினாடி. குத்துவாளோடு பத்துச் சுற்று, இல்லாமல் பத்துச் சுற்று போய், சராசரி எடுங்கள். வித்தியாசம் 17 வினாடிக்கு மேலே போனால், நஷ்டம்.

அந்தக் குத்துவாளைத் தூக்கிப் போடவும் வேண்டாம். கேம் பார்ப்பது கடைசி அடி விழும் நேரத்தில் கொன்றவரிடம் இருக்கும் மேஜிக் ஃபைண்டை மட்டும்தான். அதனால் குத்துவாள் ரெண்டாவது ஆயுத இடத்தில் இருக்கட்டும். நல்ல ஆயுதத்தால் அடித்து, மெஃபிஸ்டோ சாகப்போகும் சமயத்தில் `W` அழுத்தி மாற்றுங்கள். அந்த 17 வினாடிக்குள் முடித்துவிடலாம். நேயரே, செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.