மேஸ்திரி சொன்ன தொகையும் அடுப்படி கேட்ட தொகையும்

(நம் டிரஸ்டின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் பேசியது)



வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் மனுக்களில் அடுப்படியைச் சரி செய்ய வேண்டும் என்று வருபவை நிறைய. மனுவோடு ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். அதில் ஒரே ஒரு தொகை இருக்கும். "யார் சொன்னது?" என்று கேட்டால், "மேஸ்திரி சொன்னார்" என்பார்கள்.

அந்த ஒற்றைத் தொகையை நம்பி இடித்துவிட்டு, பாதியில் பணம் தீர்ந்து நின்ற குடும்பங்கள் உண்டு. ஹாலில் மராமத்து பாதியில் நின்றால் கதவைச் சாத்திவிடலாம். அடுப்படியில் அது முடியாது. மூன்று வேளையும் சமைத்தாக வேண்டும். அந்த நெருக்கடியில்தான் மனிதன் வாரவட்டிக்காரரிடம் போய் நிற்கிறான். ஹராமை விட்டு ஒதுங்க வேண்டும் என்றுதான் நம்மிடம் வந்தார், கணக்கு குறைந்ததால் அதிலேயே போய் விழுகிறார். ஆகவே இன்று கணக்கை மட்டும் பேசுகிறேன்.

சமீபத்தில் நாம் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். நம் சூரமங்கலத்தில்தான், நாற்பது வருடம் போன வீடு. அடுப்படி பத்துக்கு எட்டு. பழைய மேடையை எடுத்துவிட்டு கிரானைட் மேடை, தரைக்கும் மேடைக்கு மேல் சுவருக்கும் டைல், புது சிங்க், இரண்டு பிளக் பாயிண்ட், பெயிண்ட். இவ்வளவுதான் வேலை. மேஸ்திரி சொன்ன தொகை 45,500 ரூபாய்.

நாங்கள் அவரை உட்காரவைத்து, அந்தத் தொகைக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். மனிதர் நல்லவர், ஒளிக்கவில்லை. ஆனால் பழைய மேடையை இடிக்கிற ஆள் கூலி அதில் இல்லை. இடித்த மண்ணை அள்ளிப்போகும் டெம்போவும், கடையிலிருந்து டைல் ஏற்றிவரும் வண்டியும் இல்லை. எலக்ட்ரீஷியன் கூலி இல்லை. பெயிண்டும் இல்லை, பெயிண்டர் கூலியும் இல்லை. அவர் தம் வேலைக்குச் சொன்னார், வீட்டுக்காரர் அதை முழு வேலைக்கு என்று எடுத்துக்கொண்டார். விட்டுப்போனதை மட்டும் கூட்டினால் 13,800 ரூபாய்.

அடுத்து டைல். தரை எண்பது சதுர அடி. இரண்டுக்கு இரண்டு டைல் இருபது போதும், பெட்டிக்கு நான்கு, ஆக ஐந்து பெட்டி என்று மேஸ்திரி எழுதியிருந்தார். பள்ளிக்கூடக் கணக்குப்படி சரி. ஆனால் கடையில் இரண்டடி என்று விற்கும் டைல் உண்மையில் 60 சென்டிமீட்டர். இரண்டடி என்பது 61 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பத்தடி நீளத்தில் ஐந்து டைல் வைத்தால், இடைவெளி விட்டது போகவும் ஓரத்தில் நாலு சென்டிமீட்டர் காலியாக நிற்கும். எட்டடிப் பக்கமும் அப்படியே. அந்த ஓரத்துக்கு மெல்லிய துண்டாக வெட்டினால் பாதி உடையும். நல்ல கைக்காரர் வரிசையை நகர்த்தி, இரண்டு ஓரத்திலும் பெரிய துண்டாக வெட்டுவார். அதற்கும் கூடுதல் டைல் வேண்டும். பழைய வீட்டுச் சுவர் நேர்மூலையாக இருப்பதுமில்லை. எனவே ஆறாவது பெட்டி, 900 ரூபாய். முதலிலேயே சேர்த்து வாங்கிவிட வேண்டும். பிறகு போனால் அதே நிறம் கிடைக்காது. பெட்டியின் மேல் நிறத்துக்கான எண் அச்சிட்டிருக்கும், எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்தானா என்று பாருங்கள். மிச்சமானதைப் பத்திரப்படுத்துங்கள், நாளை குழாய்க்காக உடைத்தால் உதவும்.

கிரானைட்டிலும் சேதாரம் உண்டு. சிங்குக்காக வெட்டி எடுக்கும் துண்டுக்கும் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும், யாரும் கழித்துத் தரமாட்டார்கள். முன்விளிம்பை உருட்டிப் பாலிஷ் போடுவதற்கு அடிக் கணக்கில் தனிக் கூலி.

கூலியைப் பற்றி ஒன்று. சின்ன அடுப்படிக்குச் சதுர அடிக் கணக்கு ஒத்துவராது. எண்பது சதுர அடி தரையை ஒரே நாளில் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் இரண்டு தடவை வர வேண்டும். சுவர் திறந்திருக்கும்போது குழாயும் வயரும் பதிக்க ஒரு தடவை, டைல் முடிந்தபின் பொருத்த ஒரு தடவை. பூச்சு ஆற வேண்டும், மேடை இறுக வேண்டும். அதனால் ஆள், நாள் என்று எண்ணுங்கள். இந்த வீட்டில் கொத்தனாருக்கு எட்டு நாள், சித்தாளுக்கு எட்டு நாள் என்று எண்ணினோம். ஷஅபானில் இடித்து நோன்புக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினால் கூலியும் ஏறும், வேலையும் கெடும்.

எல்லாம் சேர்ந்து பொருள் 32,800, கூலி 23,900, வண்டி வாடகை 3,500. மொத்தம் 60,200 ரூபாய். இவை அந்த வீட்டுக்கு அன்றைக்குச் சொன்ன விலைகள். நீங்கள் உங்கள் கடையில் விசாரித்து எழுத வேண்டும்.

இனி கண்ணுக்குத் தெரியாத செலவு. இடிப்பதற்கு முன்பே அங்கே மூன்று காரியம் செய்தோம். சுத்தியலின் கைப்பிடியால் தரையை அடி அடியாகத் தட்டினோம். சிங்குக்குக் கீழே மட்டும் பொள்ளென்று சத்தம் வந்தது, அடியில் மண் இல்லை என்று அர்த்தம். பிறகு சிங்கில் இரண்டு வாளித் தண்ணீரைக் கடகடவென்று ஊற்றிவிட்டு, வெளியே சாக்கடைத் தொட்டியில் பார்த்தோம். தாமதமாக, குறைவாகத்தான் வந்தது. "ரொம்ப நாளா இப்படித்தானுங்க" என்றார் அந்த வீட்டு அம்மா. அதை மேஸ்திரி கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அடுப்படியின் நோய் அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும், தாய்மார்களை வைத்துக்கொண்டுதான் மதிப்பீடு போட வேண்டும். மூன்றாவது, இஷா தொழுகைக்குப் பிறகு எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து ஃபஜ்ரில் பார்த்தோம். மட்டம் இறங்கவில்லை.

இரண்டு அடையாளம் மோசமாக இருந்ததால் ஐந்தில் ஒரு பங்கு, 12,000 ரூபாயைத் தனியே ஒதுக்கச் சொன்னோம். புது வீடாக இருந்தால் பத்தில் ஒரு பங்கே போதும் என்பது என் கருத்து. மொத்தம் 72,200. அவர்கள் கையில் 22,200 இருந்தது. டிரஸ்ட் 50,000 கொடுத்தது, மாதம் 2,500 வீதம் இருபது மாதம்.

மேடையை எடுத்ததும் கதை தெரிந்தது. கழிவுக் குழாய் தரைக்கடியில் விரிந்து, தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. புதுக் குழாய், மண் நிரப்பி இறுக்கி மேலே கான்கிரீட், 7,800 ரூபாய். தொட்டிச் சோதனையில் தேறிய ஜி.ஐ. குழாயும் காப்பாற்றவில்லை. ஒழுகவில்லையே தவிர உள்ளே முழுவதும் துரு. சுவரைக் கொத்தும்போது கையோடு ஒடிந்து வந்தது, அதற்கு 2,600. சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடாது, அதற்குத்தான் ஒதுக்கிய பணம். 12,000-ல் 1,600 மிஞ்சியது.

பணம் கொடுப்பதையும் படிப்படியாக வைத்துக்கொண்டோம். இடித்தபின் ஒரு பகுதி, மேடை ஏறியபின் ஒரு பகுதி. கடைசிப் பத்தில் ஒரு பங்கை, சிங்க்கை நிரப்பித் திறந்துவிட்டு, கீழே சொட்டு இல்லை என்று பார்த்த அன்றே கொடுத்தாயிற்று. எல்லாம் இரண்டு பேர் கையெழுத்தோடு எழுத்தில். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சூரா அல்பகராவின் 282-வது வசனம் சொல்வது உங்களுக்குத் தெரியும்.

இனி அடுப்படி வேலைக்கு மனுக் கொடுப்பவர்கள் ஒற்றைத் தொகைச் சீட்டோடு வர வேண்டாம். அறையின் நீள அகலம், பொருள், கூலி, வண்டி, ஒதுக்கீடு என்று பிரித்து எழுத ஒரு படிவம் அலுவலகத்தில் இருக்கிறது, அஸருக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்களா என்பதற்கும் அதில் ஒரு வரி விட்டிருக்கிறோம்.