உறவும் கடனும்: இல்லை என்பதை எவ்வாறு சொல்வது?

(சுங்கை வே வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வீட்டுத் திண்ணையில் நடக்கும் ஒரு செய்தி. உறவினர் ஒருவர் வந்து கடன் கேட்கிறார். கொடுக்க நம்மிடம் வசதி இல்லை. மறுத்தால் மனம் நோகும். கொடுத்தால் குடும்பம் நோகும். இந்த இக்கட்டில் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பதே என் பேச்சு.

இதைச் சுங்கை வேயில் நின்று பேசுவதற்கு ஒரு பொருத்தம் உண்டு. இன்று செரி செத்தியா என்றும் வழங்கும் இவ்வூரில் 1972இல் தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. அதன் தொழிற்சாலைகளைத் தேடித் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வந்தனர். ஒரே குடும்பத்தில் அண்ணன் தோட்டத்திலும் தம்பி பட்டணத்திலுமாகப் பிரிந்தனர். அன்று முதல் இருபக்கமும் ஒரு தவறான கணக்கு இருந்து வருகிறது. பட்டணத்தில் இருப்பவருக்குக் கை நிறையச் சம்பளம் என்று தோட்டத்தார் எண்ணுகின்றனர். தோட்டத்தாருக்கு வாடகை இல்லை, ஆகவே பணம் மிஞ்சும் என்று பட்டணத்தார் எண்ணுகின்றனர். கடன் கேட்கும் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு எண்ணங்களில் ஒன்றிலிருந்தே தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பால்வெட்டுத் தொழிலாளர், அவர் மனைவி, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள், வயதான தாயார். ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவியின் தம்பி சுங்கை வேயிலிருந்து வருகிறார். இருக்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டியுள்ளது. புது வீட்டுக்கு முன்பணம் கட்ட 3,000 வெள்ளி தேவை. மாதம் 300 வெள்ளியாகப் பத்து மாதத்தில் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. தேவை உண்மையானது. அதனால்தான் மறுப்பதும் கடினமாகிறது.

இங்கே நம்மில் பலர் சொல்லும் சொல் ஒன்று உண்டு: "பார்க்கலாம்." நானும் ஒருமுறை அதைச் சொன்னவன். சில ஆண்டுகளுக்கு முன் என் சித்தப்பா மகன் பழைய வேன் ஒன்று வாங்கப் பணம் கேட்டான். என்னிடம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆயினும் முகத்திற்கு நேரே சொல்லக் கூசி, "பார்க்கலாம் தம்பி" என்றேன். நான் அதை மறுப்பாக நினைத்தேன். அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான். என்னை நம்பி வேன்காரரிடம் 500 வெள்ளி அச்சாரம் கொடுத்துவிட்டான். மூன்று வாரம் கழித்து நான் கைவிரித்தபோது அந்த அச்சாரமும் போயிற்று. அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணா, அன்றைக்கே இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா?" அவனுக்கு நட்டம் வந்தது என் மறுப்பால் அன்று, என் தாமதத்தால்.

ஆகவே முதல் படி, விடைக்கு ஒரு நாள் குறிப்பது. வந்தவருக்குத் தேநீர் கொடுத்து, அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பிறகு, "வீட்டில் கலந்து பேசி வியாழக்கிழமை மாலை நானே கூப்பிட்டுச் சொல்கிறேன். அதுவரை என்னை நம்பி எதையும் முடிவு செய்யாதே" என்று சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்பதற்கும் இதற்கும் வேறுபாடு பெரிது. ஒன்று நம்பிக்கையைத் தொங்கவிடுகிறது. மற்றது ஒரு நாளில் முடிவுக்கு வருகிறது. இயலாது என்பது அப்பொழுதே திண்ணமாகத் தெரிந்தால் அந்த நாளும் வேண்டாம். உடனே சொல்லிவிடுவதே அன்பு.

இரண்டாம் படி, கணவனும் மனைவியும் அமர்ந்து கணக்கைத் தாளில் எழுதுவது. ஆசிரியப் பயிற்சி பெற்றவன் ஆதலால் கரும்பலகை இல்லாமல் எனக்குப் பேச வராது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி இவர் கைக்குரியது என்று கொள்வோம். சேமநிதிக்கு 187 வெள்ளியும், சொக்சோ, வேலைக் காப்புறுதி இரண்டிற்கும் சேர்த்து ஏறத்தாழ 12 வெள்ளியும் போக, மிஞ்சுவது 1,500. அதில் மளிகைக்கு 650, மோட்டார் சைக்கிள் தவணைக்கும் பெட்ரோலுக்கும் 260, மின்சாரம், தண்ணீர், தொலைபேசிக்கு 130, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு 170, தாயாரின் மருத்துவப் போக்குவரத்துக்கு 60, கோயில், கலியாண மொய்க்கு 50. ஆக மொத்தம் 1,320. மிச்சம் 180 வெள்ளி. மைத்துனர் கேட்ட 3,000 வெள்ளியைச் சேர்க்க இந்தக் குடும்பத்திற்குப் பதினேழு மாதம் ஆகும். அதுவும் ஒருவருக்கும் காய்ச்சல் வராமல் இருந்தால்!

தாளில் எழுதியபின் கணவன் மனைவி இருவருக்கும் சண்டை இல்லை. கேட்டவர் மனைவியின் தம்பி. ஆகவே இது முக்கியம். "எனக்குக் கொடுக்க ஆசைதான், அவர்தான் தடுக்கிறார்" என்று அக்காள் சொல்லிவிட்டால், தம்பிக்கும் மச்சானுக்கும் ஆயுள் முழுவதும் முறிவு. விடை "நாங்கள்" என்றே தொடங்க வேண்டும். முடிந்தால் அக்காளே அதைச் சொல்வது நலம்.

மூன்றாம் படி, சொல்லும் முறை. முதலில் மறுப்பு, அடுத்து ஒரே ஒரு காரணம், அதன்பின் நம்மால் இயன்ற உதவி. இந்த வரிசை மாறக் கூடாது. உதவியை முதலில் சொன்னால் மறுப்பு காதில் விழாது. காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு வழி சொல்வார். மோட்டார் தவணை என்றால் "ஒரு மாதம் தள்ளிப் போடலாமே" என்பார். பள்ளிச் செலவு என்றால் "புத்தகம் நான் வாங்கித் தருகிறேன்" என்பார். பேச்சு பேரமாகிவிடும். கையில் காசே இல்லை என்று பொய்யும் சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் பாசார் மாலாமில் பிள்ளைக்குச் சட்டை வாங்குவதைப் பார்த்தால் அந்தப் பொய்தான் மனத்தைப் புண்படுத்தும்.

அந்த அக்காள் வியாழக்கிழமை இவ்வாறு சொல்லலாம்: "தம்பி, நாங்கள் இருவரும் கணக்குப் பார்த்தோம். 3,000 வெள்ளி எங்களால் தர இயலாது. மாதச் செலவு போக மிஞ்சுவது மிகச் சொற்பம். நீ முன்பணத்தை இரண்டு மூன்று தவணையாகக் கட்டலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார். அத்தான் வேண்டுமானால் உடன் வந்து பேசுவார். வீடு மாறும் நாளில் சாமான் தூக்க நாங்கள் வருகிறோம். பிள்ளைகளை இரண்டு வாரம் இங்கே விட்டுவை. இந்த 100 வெள்ளியை வைத்துக்கொள்; இது கடன் அன்று, திருப்பித் தர வேண்டாம்."

இந்த 100 வெள்ளியைக் கடன் என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு. திரும்பாவிட்டாலும் நம் அடுப்பு எரியும் என்ற அளவுக்கே கொடுக்க வேண்டும். அந்த அளவை அன்பளிப்பாகவே கொடுத்துவிட்டால் பின்னர் கேட்கவும் வேண்டா, ஒளியவும் வேண்டா. அதுவும் இயலாவிட்டால் கொடுக்காமல் இருப்பதில் குற்றம் இல்லை.

மறுத்தபின் வேறு உருவில் அதே கேள்வி வரக்கூடும். "லயத்து வீட்டுக்கு வாடகை இல்லையே, மச்சான்!" என்பது ஒன்று. அதற்கு விடை எளிது: "இந்த வீடு வேலையோடு வந்தது, வேலை முடிந்தால் அல்லது தோட்டம் கைமாறினால் நாங்களும் உன்னைப் போலவே முன்பணம் தேட வேண்டும்." கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்ட நிலங்கள் வீடமைப்பாக மாறியதைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"சேமநிதியில் எடுக்கலாமே" என்பது இன்னொன்று. 2024 மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்டோரின் சேமநிதிச் சந்தாவில் நூற்றுக்குப் பத்து, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய தனிக் கணக்கில் சேருகிறது. எடுக்க முடியும் என்பதனால் அது மிச்சப் பணம் ஆகிவிடாது. மழையில் வெட்டு நின்ற மாதத்திற்கும் மருத்துவமனைக்கும் உரியது அது. "அதை நாங்கள் அவசரத்திற்கென வைத்திருக்கிறோம், தம்பி" என்ற ஒரு வரி போதும்.

மூன்றாவதே மிக ஆபத்தானது: "பணம் வேண்டாம், ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்." ஜாமீன் கையெழுத்தும், உங்கள் பெயரில் அவருக்கு மோட்டார் சைக்கிள் எடுப்பதும் பணம் கொடுப்பதைவிடப் பெரிய கடன். அவர் தவணை தவறினால் வங்கி உங்களைத் தேடி வரும். 3,000 வெள்ளிக்கு இல்லை என்றவர், அறியாமல் 10,000 வெள்ளிக்குப் பொறுப்பேற்றுவிடுகிறார். இதற்கும் விடை அதுவே: "பணமானாலும் கையெழுத்தானாலும் எங்களால் இயலாது."

"நாம் மறுத்தால் அவர் ஆலோங்கிடம் போய்விடுவாரே" என்ற அச்சத்தினாலேயே பலர் நகையை அடகு வைத்துக் கொடுக்கின்றனர். அச்சம் நியாயமானது. ஆகவே மறுக்கும்போதே வேறு வழியையும் காட்டுங்கள். முன்பே கடனில் மூழ்கியவராயின், 2006இல் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. உரிமம் பெற்ற வட்டிக்கடையில் அடைமானம் இல்லாத கடனுக்கு ஆண்டிற்கு நூற்றுக்கு 18 வெள்ளிக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடம் தராது. கடனுக்கு எழுத்து ஒப்பந்தமும் வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கேட்பவர் எவராயினும் அவரை விட்டு விலகச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மறுத்தபின் வரும் வாரங்களே உறவைத் தீர்மானிக்கின்றன. மறுத்தவர் வெட்கத்தால் ஒதுங்குகிறார். கேட்டவர் அதை வெறுப்பு என்று எண்ணுகிறார். ஆகவே முதலில் நீங்களே போய்ப் பாருங்கள். அவர் கேட்டதைப் பெரட்டுக் களத்திலோ, பக்கத்து வீட்டிலோ சொல்லாதீர்கள். நம் எடுத்துக்காட்டில், வீடு மாறும் ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் சொன்னபடி சாமான் தூக்கப் போய் நிற்க வேண்டும். பணம் இல்லை என்றவர், ஆள் இல்லை என்று சொல்லவில்லை என்பது அப்போது மைத்துனருக்குத் தெரியும்.