பதினைந்தா, இருபதா?



2023-ஆம் வருடம் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். போனஸை வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிய தொழிலாளர்கள் திரும்பி வர எப்படியும் ஒரு வாரம் ஆகும். தையல் மெஷின்கள் எல்லாம் துணி போர்த்திக் கிடக்கும். யூனிட்களில் கணக்குப் பிரிவு மட்டும் திறந்திருக்கும். கையில் பணமும் இருக்காது, போனஸோடு போயிருக்கும்.

14-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை 11.10-க்கு ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் எங்கள் மேனேஜர் ஒரு செய்தி போட்டார். "பி.எஃப். கட்ட 20-ந் தேதி வரைக்கும் டைம் இருக்கு. அவசரம் இல்லை. இருக்கிற பணத்துல நூல் பில்லை முதல்ல முடிங்க."

அந்தக் குழுவில் 14 பேர். நிட்டிங் யூனிட், பிரிண்டிங் யூனிட், தையல் யூனிட் ஆட்கள், நாங்கள் கணக்குக்காரர்கள், கூடவே முதலாளி. நான் அதைப் பார்த்தபோது மணி 11.40. அதற்குள் மூன்று பேர் "ஓகே சார்" போட்டுவிட்டார்கள். ஒருவர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்.

தேதி தவறு. அக்டோபர் சம்பளத்துக்கான பி.எஃப். பணம் நவம்பர் 15-க்குள் போய்ச் சேர வேண்டும், அதாவது மறுநாள். ஆனால் இதை உடனே குழுவில் சொல்லிவிட முடியுமா? முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். மேனேஜருக்கு இந்தத் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் அனுபவம். அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள் நான்.

முதலில் என்னையே நான் சந்தேகப்பட்டேன். அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அதற்கும் சில வருடங்களுக்கு முன், வேறொரு கம்பெனியில், ஜி.எஸ்.டி. தேதி ஒன்றை மேலதிகாரி தப்பாகச் சொல்கிறார் என்று எல்லார் முன்னாலும் திருத்தினேன். முந்தின நாள் ராத்திரிதான் அரசாங்கம் அந்தத் தேதியை நீட்டித்திருந்தது. அவர் அதைப் படித்திருந்தார், நான் படிக்கவில்லை. அன்றைக்கு நான் விழித்த விழி இருக்கிறதே! அதிலிருந்து தேதி விஷயம் என்றால், விதி என்ன சொல்கிறது என்பதோடு, அதை யாராவது தள்ளி வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். பி.எஃப். இணையதளத்தில் நீட்டிப்பு எதுவும் இல்லை. எங்கள் சமீபத்திய சலான்களைப் புரட்டினேன். எல்லாமே 13, 14, 15.

அப்படியானால் 20 எங்கிருந்து வந்தது? இதைத் தேடாமல் விட்டிருந்தால் நான் பாதி வேலைதான் செய்திருப்பேன். முன்பெல்லாம் 15-க்குப் பிறகு ஐந்து நாள் சலுகை உண்டு. 20-க்குள் கட்டினால் தாமதமாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 2016 தொடக்கத்தில் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். எங்கள் மேனேஜர் பல வருடம் 20-ந் தேதிக் கணக்கிலேயே ஓட்டியவர். அதற்கப்புறம் சலான் போடும் வேலை எங்கள் கைக்கு வந்துவிட்டது, தேதியைப் பற்றி அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பணம் முடைப்பட்ட நேரத்தில் பழைய ஞாபகம் மேலே வந்துவிட்டது. ஆக, அவர் சொன்னது வாய்க்கு வந்த தேதி இல்லை. ஒரு காலத்தில் சரியாக இருந்த தேதி. இது தெரிந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தானாகவே கிடைத்துவிட்டது.

சரி, ஐந்து நாள் தள்ளினால் என்னதான் குடி முழுகிவிடும்? வட்டி, அபராதம் இரண்டும் சேர்ந்தாலும் ஐந்து நாளுக்கு வருவது சின்னத் தொகைதான். அடி விழுவது வேறு இடத்தில். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பங்கை 15-க்குள் கட்டாவிட்டால், அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அன்றைய நிலை அதுதான். 60 பேர், ஆளுக்கு 1,800 ரூபாய் பிடித்தம் என்று வையுங்கள். 1,08,000 ரூபாய். அதை லாபமாக எண்ணி 30 சதவீதம் வரி போட்டால் 32,400 ரூபாய். ஐந்து நாளுக்காக! இதனால்தான் பேசாமல் இருந்துவிட முடியவில்லை. விஷயம் யாரோ ஒருவரின் பதவிப் பெயரில் எழுத்துப்பிழை என்றால் நான் கண்டுகொண்டிருக்கவே மாட்டேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அந்த வசதி அந்த வருடம்தான் வந்திருந்தது. 11.15-க்கே நான் பார்த்திருந்தால் அவருக்குத் தனியாகச் சொல்லி அவரையே மாற்றச் சொல்லியிருப்பேன். அந்த நேரம் கடந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் அழித்துவிடலாம் என்றால், அழித்த இடத்தில் 'செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி நிற்கும். அது தவறான தேதியை விட அதிகமாக வம்பு வளர்க்கும். என்ன போட்டார், ஏன் எடுத்தார் என்று மதியச் சாப்பாட்டு வேளை முழுக்க அதே பேச்சாக இருக்கும்.

அவருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. குடும்பத்தோடு பழனிக்குப் போயிருந்தார், வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். தனிச்செய்தி எழுத உட்கார்ந்தேன். முதலில் என் கை அடித்தது, "சார், ஒரு சின்ன சந்தேகம், 20-ஆ 15-ஆ?" அழித்தேன். எனக்குச் சந்தேகமே இல்லை. தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி கேட்டால், அவர் படிக்கும்போதே அது புரிந்துவிடும். பணிவு மாதிரி தெரியும், ஆனால் பரீட்சை வைப்பதுதான் அது. அதையே குழுவில் கேட்டிருந்தால் இன்னும் மோசம். 13 பேர் வேடிக்கை பார்க்க அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

கடைசியில் அனுப்பியது இது. "சார், பி.எஃப். ஐந்து நாள் சலுகையை 2016-ல எடுத்துட்டாங்க. நாளைக்கு 15 கடைசி. சலான் ரெடியா இருக்கு. போன மாச சலானும் சுற்றறிக்கையும் கீழே போட்டிருக்கேன். குழுவில் நீங்க போடறதுக்கு ஒரு வரி எழுதி வச்சிருக்கேன், பார்த்துட்டு அனுப்புங்க. யூனிட்ல பணம் அனுப்பற வேலை மூணு மணிக்கு ஆரம்பிச்சுடும் சார்."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் ரொம்ப நேரம் யோசித்து எழுதினேன். அது மிரட்டலாகத் தெரியக்கூடாது, ஆனால் மூன்று மணி என்பது அவர் கண்ணில் பட வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் நானே குழுவில் எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். ஒருவருடைய மரியாதைக்காகக் காத்திருக்கலாம், ஆனால் நூல்காரருக்குப் பணம் போய்விட்டால் திரும்பி வராது. காத்திருந்த நேரத்தில் தையல் யூனிட் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, நூல் பில்லை மூணு மணிக்கு மேல போடலாம், ஒரு விஷயம் சார்கிட்ட கேட்டுட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். இப்படிச் சொன்னதையும் மேனேஜருக்கு ஒரு வரியில் தெரிவித்தேன். தெரிவிக்காவிட்டால் முதுகுக்குப் பின்னால் செய்த காரியம் ஆகியிருக்கும்.

மூன்று மணிக்குக் குழுவில் போட நான் எழுதி வைத்திருந்ததையும் சொல்கிறேன். முதலில் எழுதியது ரொம்ப மரியாதையாக இருந்தது. "சார் சொன்னது போல் பணத்தை முறைப்படுத்தி, பி.எஃப். சலானையும் உரிய காலத்தில் கட்டிவிடலாம்." படித்துப் பார்த்தால் எனக்கே புரியவில்லை. உரிய காலம் எது? 20-ந் தேதிதான் என்று ஒருவர் நினைத்துக்கொண்டால் யார் பொறுப்பு? சர்க்கரை பூசப் பூச, உள்ளே இருந்த மாத்திரையே காணாமல் போய்விட்டது. அதனால் மாற்றினேன்: "பி.எஃப். கடைசித் தேதி நாளை 15, புதன். முன்பு இருந்த 20-ந் தேதி சலுகை இப்போது கிடையாது. சலான் ரெடி, முதலில் இதைக் கட்டிவிட்டு நூல் பில் போடலாம்." 20 என்ற எண் ஒரு தடவை வந்தே ஆக வேண்டும். காலையில் வந்த செய்தியை மறந்து இதை மட்டும் படிப்பவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிய வேண்டும். மேனேஜரின் செய்தியைத் தொட்டு, அதற்குப் பதிலாக இதைப் போடக்கூடாது என்பதையும் முடிவு செய்திருந்தேன். அப்படிப் போட்டால் அவருடைய தவறு பெட்டி கட்டி, பெயரோடு, என் வரிக்கு மேலே உட்கார்ந்துகொள்ளும். மின்னஞ்சலிலும் இதே கதைதான். எல்லாருக்கும் பதில் என்ற பொத்தானைத் தொடாமல், அவருக்கு மட்டும் எழுதுவேன்.

அதைப் போட வேண்டி வரவில்லை. 2.40-க்கு மேனேஜர் கூப்பிட்டார். முதல் வார்த்தையே சூடாகத்தான் இருந்தது.

"ஏம்மா, நான் எத்தனை வருஷமா கட்டறேன், எனக்குத் தெரியாதா?"

"நீங்க கட்டினப்ப 20-தானுங்க சார். பழைய சலான்ல எல்லாம் 18, 19-னுதான் இருக்கு. 2016-லதான் மாத்தியிருக்காங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் பழனி கடைவீதிச் சத்தம் கேட்டது. "அட ஆமா, அந்த சுற்றறிக்கையை நான்தான் ஆடிட்டருக்கு அனுப்பினேன்" என்றார். 2.52-க்குக் குழுவில் அவரே போட்டார். நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே போடவில்லை. "பழைய ஞாபகத்துல 20-ன்னு போட்டுட்டேன். பி.எஃப். நாளைக்கே கட்டணும். நூல் பில் அப்புறம்." முதலாளியிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான். "தப்பாகப் போட்டுவிட்டேன்" என்று அவர் சொல்லலாம், அது அவர் இஷ்டம். அவருக்காக நான் எழுதிய வரியில் அந்த வார்த்தை இருக்கவில்லை.

விஷயம் அங்கேயும் முடியவில்லை. காலையில் "ஓகே சார்" போட்ட மூவரில் ஒருவர், அந்தச் செய்தியை எங்கள் ஜாப் ஒர்க் காண்ட்ராக்டருக்கு ஃபார்வர்டு செய்திருந்தார். திருத்தம் அவருக்குப் போகவில்லை. அவருக்கென்று தனி பி.எஃப். கணக்கு, 20 பேருக்கு மேல் ஆட்கள். சாயங்காலம் தற்செயலாகத் தெரிய வந்து நான் கூப்பிட்டேன்.

"20 வரைக்கும் டைம்னு உங்க கம்பெனியிலயிருந்துதானுங்க வந்துச்சு. யாருங்க அது தப்பாப் போட்டது?"

"அது பழைய தேதிங்கண்ணா, 2016-லயே மாறிடுச்சு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சலானைக் கட்டிடுங்க" என்றேன்.

"சரிங்க, காலையில மொத வேலையா கட்டிடறேன்" என்றார்.