கனவும் சிலம்பும்: கதையில் முன்குறிப்பும் பின்னோக்கும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



பின்னால் வரப்போவதை முன்னால் கோடிகாட்டுவது முன்குறிப்பு. நடந்து முடிந்ததை இடையில் கொண்டுவருவது பின்னோக்கு. சினிமாக்காரர்கள் ஃபிளாஷ்பேக் என்பது இதைத்தான். இரண்டையும் சிலப்பதிகாரத்தின் இரண்டு காதைகளை வைத்தே பேச விரும்புகிறேன்.

முதலில் கனாத்திறம் உரைத்த காதை. கண்ணகி தேவந்தியிடம் தன் கனவைச் சொல்கிறாள். கணவனோடு பெரிய நகரம் ஒன்றுக்குப் போனது, பொய்ப்பழி விழுந்தது, கோவலனுக்குத் தீங்கு வந்தது, தான் அரசன்முன் வழக்காடியது, அரசனுக்கும் ஊருக்கும் கேடு வந்தது எல்லாம் அதில் இருக்கின்றன. கதையின் பாதி அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கனவில் சிலம்பு வருவதில்லை.

சிலம்பு வருவது அதே காதையில், சற்றுப் பின்னால். வீடு திரும்பிய கோவலன் பொருளெல்லாம் தொலைத்ததைச் சொல்லி வெட்கப்படுகிறான். மாதவிக்குக் கொடுக்கத்தான் கேட்கிறான் என்று எண்ணிய கண்ணகி, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அந்த இடத்தில் அது ஒரு மனைவியின் பேச்சு, அவ்வளவுதான். கேட்பவர் காது கனவின் ஆரவாரத்தில் இருக்கும்போது, கோவலனைக் கொல்லப்போகும் பொருளை இளங்கோ ஓசைப்படாமல் கைமாற்றிவிடுகிறார். கனவு அச்சத்தைத் தருகிறது. சிலம்பு கதையை நடத்துகிறது. நம் எழுத்தாளர்கள் பலர் கனவோடு நின்றுவிடுகிறார்கள். பல்லி சொல்லும், விளக்கு அணையும், ‘அதுதான் கடைசிச் சந்திப்பு என்று அவனுக்கு அப்போது தெரியாது’ என்று ஆசிரியரே குறுக்கே வந்து சொல்வார். சோதிக்க எளிய வழி உண்டு. பின்னால் நடப்பதை மறந்துவிட்டு அந்த வரியைப் படியுங்கள். அப்போதும் அந்தக் காட்சிக்கு அது தேவைப்பட்டால் நல்ல முன்குறிப்பு. தேவைப்படாவிட்டால் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று பொருள்.

அடுத்து அடைக்கலக் காதை. மதுரைப் புறஞ்சேரியில் மாடலன் கோவலனைச் சந்திக்கிறான். யானை பிடித்த முதியவனைக் கோவலன் காப்பாற்றியது போன்ற பழைய செய்திகளைச் சொல்கிறான். அதுவரை மனைவியைப் பிரிந்தவனாகவும் பொருளை அழித்தவனாகவும் நாம் பார்த்த ஆள், கொலையுண்பதற்குச் சற்று முன்னால் வேறொரு மனிதனாக நிமிர்கிறான். முதல் காதையிலேயே இதைச் சொல்லியிருந்தால் வெறும் புகழுரையாகியிருக்கும். இவ்வளவு நல்லவனுக்கு ஏன் இந்தத் துன்பம் என்று மாடலன் கேட்க, கோவலன் தான் கண்ட கெட்ட கனவைப் பதிலாகச் சொல்கிறான். பின்னோக்கு, முன்குறிப்பில் போய் முடிகிறது. மதுராபதித் தெய்வம் சொல்லும் முற்பிறப்புக் கதையில் இந்த இறுக்கம் இல்லை என்பது என் எண்ணம். அது காரணம் சொல்கிறது; கோவலனை நமக்குப் புதிதாகக் காட்டுவதில்லை.

உரைநடையில் இவ்விரண்டையும் செய்துகாட்ட ஒரு பத்தி எழுதிவந்திருக்கிறேன்:

‘பெண் பார்க்க வருகிறவர்களுக்காகச் செல்லம்மா வாசல் தெளித்துவிட்டுக் கோலமாவு எடுக்க உள்ளே வந்தாள். பீரோ சாவி காலண்டர் ஆணியில் தொங்கியது. எடுத்து, எப்போதும் மாட்டும் ஆணியில் மாட்டினாள். அம்மா சாவதற்கு முந்தைய மாதம்தான் அதை அவள் கையில் கொடுத்திருந்தாள். அன்று தம்பி குமரேசன் பம்பரத்துக்குக் காசு கேட்டுத் தரையில் புரண்டுகொண்டிருந்தான். செல்லம்மா உண்டியலைக் குலுக்கி எடுத்துக் கொடுத்தாள். “அவன் அழுதா உனக்குத் தாங்காதுடி, அதான் எனக்குப் பயம்” என்றாள் அம்மா. கோலமாவு டப்பாவின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. “குமரேசா, கடைக்குப் போயிட்டு வாடா” என்று கூப்பிட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டே கிளம்பியவன் திரும்பிப் பார்க்கவில்லை.’

நகை போய்விட்டது என்று எங்கும் சொல்லவில்லை. சாவி இடம்மாறியிருப்பது முன்குறிப்பு. பரபரப்பான காலையில் அவள் அதைச் சரிசெய்துவிட்டு நகர்கிறாள். அதே சாவிதான் பழைய நாளுக்கும் வாசல். பின்னோக்கு தொடங்கும் இடத்தில் ‘கொடுத்திருந்தாள்’ என்று ஒருமுறை எழுதினால் காலம் மாறியது புரிந்துவிடும். பிறகு ‘கொடுத்தாள்’, ‘என்றாள்’ என்று சாதாரண இறந்தகாலத்தில் போகலாம். வரிக்கு வரி ‘சொல்லியிருந்தாள், அழுதிருந்தான்’ என்று எழுதினால் படிப்பவர் களைத்துவிடுவார். திரும்பும் இடத்தில் நிகழ்காட்சியின் பொருள் ஒன்று வேண்டும். இங்கே அது கோலமாவு டப்பா. அது இல்லாவிட்டால் கடைசி வாக்கியத்தில் கிளம்புகிறவன் சிறுவனா இளைஞனா என்று வாசகர் தடுமாறுவார்.

பத்தியைச் சாவியில்லாமல், அம்மாவின் பேச்சிலிருந்தே தொடங்கிப் பாருங்கள். ஒன்றும் நடக்காது. படிப்பவர் மனத்தில் கேள்வி எழுவதற்கு முன் வரும் பின்னோக்கு வெறும் தகவல்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடைக்கலக் காதையில் மாடலன் வரும் இடத்திலிருந்து கொலைக்களக் காதையின் முடிவுவரை, உரையோடு, ஒரே அமர்வில் படியுங்கள்.